பள்ளி மலருக்கு நான்கு வரி மழைக்கவிதை: எழுதுவது முதல் அச்சாவது வரை

ஏழாம் வகுப்பில் நான் எழுதிய மழைக்கவிதை பள்ளி மலரில் வரவே இல்லை. எட்டாம் வகுப்பில் வந்தது, ஆனால் நான்கு வரியும் ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டு, யாரோ எழுதிய வாக்கியம் போல. ஒன்பதாம் வகுப்பில்தான் ஒழுங்காக வந்தது. நான்கே வரிக்கு மூன்று வருடம். எங்கெங்கே சறுக்கினேன் என்று எழுதி வைத்தால், அடுத்து எழுதுகிறவர்கள் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம்.

இது எதுகை மோனையோடு, ஓசையோடு எழுதுகிறவர்களுக்கானது. புதுக்கவிதை எழுதுவதென்றால் 1, 2, 7, 8, 9, 10 ஆகிய படிகள் மட்டும் போதும்.

1. அறிவிப்பு வந்த அன்றே நாள் கணக்குப் போடுங்கள்

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஆண்டு விழா தை, மாசி வாக்கில் நடக்கும். அன்றைக்கு மலர் கையில் இருக்க வேண்டுமென்பதால் படைப்புகளை அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ கேட்பார்கள். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். சன்னலுக்கு வெளியே மழை, கையில் வெள்ளைத்தாள். வகுப்பில் பாதிப் பேர் மழையைத்தான் எழுதுவார்கள். தேர்வு செய்கிற தமிழாசிரியர் மேசையில் உங்களுடையது இருபதாவது மழைக்கவிதையாக இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள்.

எழுத மூன்று நாள், சும்மா விட்டுவைக்க ஒரு நாள், ஆசிரியரிடம் காட்டித் திருத்த இரண்டு நாள், படி எடுக்க ஒரு நாள் என்று மொத்தம் ஏழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காக ஆட்சியர் விடுமுறை விட்டால் கடைசித் தேதியும் தள்ளிப்போகும் என்று நம்ப வேண்டாம். நான் ஏழாம் வகுப்பில் அப்படி நம்பித்தான் கோட்டை விட்டேன். விடுமுறை முடிந்து போனபோது கட்டு அச்சகத்துக்குப் போயிருந்தது.

2. மழையை அல்ல, ஒரு மழையை எழுதுங்கள்

என் ஏழாம் வகுப்புக் கவிதை இது:

வானம் இருண்டது
மேகம் திரண்டது
மழை பொழிந்தது
மனம் குளிர்ந்தது

நேரத்துக்குக் கொடுத்திருந்தாலும் இது வந்திருக்காது. எந்த ஊர் மழை, எந்த நேரத்து மழை, யார் நனைந்தார்கள் என்று எதுவுமே இதில் இல்லை. இதே நான்கு வரியை இன்னும் ஐந்து பேர் எழுதியிருப்பார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமலே.

அதனால் முதலில் ஒரு குறிப்பிட்ட மழையைப் பிடியுங்கள். நான் ஒன்பதாம் வகுப்பில் எடுத்துக்கொண்டது பள்ளி விடுகிற நேரத்து மழை. ஒரு தாளில் அன்று பார்த்ததை, கேட்டதை மட்டும் எழுதினேன்: தகரக் கூரையில் சத்தம், நனைந்த சட்டை, வழுக்கிய சைக்கிள், மண்ணில் துளி விழுந்து வட்டம் வட்டமாகப் பூத்தது, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ‘இயற்கையின் கொடை’, ‘உழவனின் தோழன்’ போன்றவற்றைக் கட்டுரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வரியில் ஐந்து காட்சிதான் அடங்கும். ஆறாவதை நுழைத்தால் எல்லாமே மூச்சு முட்டும்.

3. ஒலி வரியின் கடைசியில் மட்டும் ஒத்தால் போதாது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறோம். ‘இருண்டது, பொழிந்தது, குளிர்ந்தது’ என்று முடிந்தால் ஒலி ஒத்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் ‘பொழிந்தது’, ‘குளிர்ந்தது’ இரண்டிலும் ஒத்திருப்பது இறந்தகாலத்தைச் சொல்லும் வால் மட்டும்தான். தமிழில் எந்த வினையை எடுத்தாலும் அந்த வாலை ஒட்டிவிடலாம், தூங்கியது, தும்மியது என்று. உழைப்பில்லாத ஒலி என்பது படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

கடைசியில் ஒலி ஒத்து வருவதற்கு இயைபு என்று பெயர். அது தப்பில்லை, பாட்டில் நன்றாகவே இருக்கும். ஆனால் தமிழ்ச் செய்யுளில் வரிகளைக் கட்டிப்போடுவது வரியின் தொடக்கத்தில் வருகிற எதுகைதான். ஒவ்வொரு வரியின் முதல் சொல்லிலும் இரண்டாவது எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அதோடு முதல் எழுத்து ஒரு வரியில் குறில் என்றால் எல்லா வரியிலும் குறிலாகவும், நெடில் என்றால் நெடிலாகவும் இருக்க வேண்டும். ‘மழை’க்கு ‘தழை’ எதுகையாகும். ‘தாழை’ ஆகாது, முதல் எழுத்து நீண்டுவிட்டது.

4. முதல் வரிக்கு முன் சொல் பட்டியல்

முதல் வரியை அழகாக எழுதிவிட்டு, மற்ற மூன்று வரிக்கு எதுகை தேடி அலைவதுதான் வழக்கம். தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் ஒரே எதுகையில் பத்துச் சொல்லாவது தேறுகிறதா என்று பாருங்கள்.

நான் ‘மழை’யில் தொடங்கினேன். தழை, நுழை, பிழை, இழை, குழை, கழை என்று வந்தது. கழை என்றால் மூங்கிலாம், அகராதியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் தெருவில் மூங்கிலே கிடையாது. நாம் பேச்சில் கூடச் சொல்லாத சொல்லை எதுகைக்காக இழுத்து வந்தால் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தப் பட்டியலைக் கிழித்தேன்.

அடுத்து ‘மாரி’. ஏரி, வாரி, ஊரில், சேரும் என்று நன்றாகவே போனது. நடுவில் ‘தூறல்’ என்று எழுதி வைத்துக்கொண்டு மகிழ்ந்தேன். அது வேறு ற. காதுக்கு ஒன்றாகக் கேட்டாலும் எதுகைக்கு ரகரமும் றகரமும் வேறு வேறுதான். ல, ள, ழ மூன்றும், ன, ண இரண்டும் அப்படியே. மழைக்கவிதைக்காரர்களுக்கு இந்தக் கண்ணி அடிக்கடி வரும், ஏனென்றால் மழை, வெள்ளம், துளி, தூறல், சாரல், மாரி என்று நம் சொற்களில் பாதி இந்த எழுத்துகளில்தான் இருக்கின்றன.

மூன்றாவதாக ‘கொட்டு’ என்று எழுதினேன். சட்டை, வட்டம், மொட்டு, சொட்டு, தட்டு, எட்டு, குட்டை, பட்டம், விட்டது, முட்டி. மூச்சு விடாமல் பத்து. எல்லாமே வீட்டில் பேசுகிற சொல். போதாததற்கு ‘ட்ட’ என்ற ஒலியே தகரத்தில் மழை விழுகிற மாதிரி இருந்தது. இதை எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது எழுத்து மெய்யாக வந்தால் அடுத்த எழுத்தையும் கவனியுங்கள். ‘கொட்டு’க்கு ‘நட்பு’ விதிப்படி எதுகைதான், இரண்டிலும் இரண்டாவது எழுத்து ட். ஆனால் காதில் ஒட்டாது. மூன்றாவது எழுத்தும் டி, டு, டை என்று அதே வரிசையில் வந்தால்தான் இனிக்கும்.

5. வரியைக் கைதட்டி அளப்பது

பத்தாம் வகுப்பில் குறளுக்கு அலகிடச் சொல்வார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம், கவிதைக்குத் தேவையான அளவு இதோ.

ஒரு சொல்லை அசைகளாகப் பிரிக்க வேண்டும், அதாவது கைதட்டுகளாக. நெடில் தனியாக ஒரு தட்டு. குறிலும் புள்ளி எழுத்தும் சேர்ந்தால் ஒரு தட்டு. இவற்றுக்கு நேர் என்று பெயர். குறிலுக்குப் பின்னால் புள்ளி எழுத்து இல்லாமல் இன்னொரு குறிலோ நெடிலோ வந்தால், இரண்டும் சேர்ந்து ஒரே தட்டு. அது நிரை, கொஞ்சம் வேகமான தட்டு. சொல்லின் கடைசியில் குறில் ஒன்று தனித்து நின்றால் அதுவும் நேர். புள்ளி எழுத்துகளுக்குத் தனித் தட்டு கிடையாது. சொல்லின் முதலில் இல்லாத ஐகாரம், ‘கூரை’யில் வருகிற ரை மாதிரி, குறிலாகக் கணக்கு.

‘கொட்டிய’ என்பதைப் பாருங்கள். கொட், டிய. முதல் தட்டு நேர், இரண்டாவது நிரை. ‘மழையில்’ என்பது மழை, யில். முதலில் நிரை, பிறகு நேர். இப்படி என் முதல் வரி:

கொட்டிய மழையில் கூரையும் பாட
(கொட்-டிய, மழை-யில், கூ-ரையும், பா-ட)

நான்கு சொல், சொல்லுக்கு இரண்டு தட்டு, ஆக எட்டு. ஒன்றாம், மூன்றாம் சொற்கள் நிரையில் முடிகின்றன. இரண்டாம், நான்காம் சொற்கள் நேரில் முடிகின்றன. இப்படி அசை பிரித்த சொல்லைச் செய்யுளில் சீர் என்பார்கள். இரண்டு தட்டுச் சீர் நிரையில் முடிந்தால் விளச்சீர் என்றும், நேரில் முடிந்தால் மாச்சீர் என்றும் சொல்வார்கள். ஆகவே என் வரியின் அளவு விளம், மா, விளம், மா. இப்படி நான்கு சீர் கொண்ட வரி நான்கு, ஒரே எதுகையில் வந்தால் அது கலிவிருத்தம். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், வெண்பாவை விட இது எவ்வளவோ எளிது. வெண்பாவில் ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லோடு எப்படி இணைகிறது என்று வேறு பார்க்க வேண்டும். இங்கே முதல் வரியின் அளவை அடுத்த மூன்று வரியிலும் திருப்பிச் செய்தால் போதும்.

எட்டுத் தட்டு வந்துவிட்டாலே சரி என்று நினைத்து நான் ஒரு நாள் முழுக்கத் தடுமாறினேன். என் இரண்டாவது வரி முதலில் இப்படி இருந்தது:

சட்டை நனைந்ததால் அம்மா திட்ட
(சட்-டை, நனைந்-ததால், அம்-மா, திட்-ட)

எண்ணினால் எட்டு. ஆனால் முதல் வரியைச் சொல்லிவிட்டு இதைச் சொன்னால் நாக்கு இடறியது. காரணம், முதல் சொல் மா, இரண்டாவது விளம், பிறகு இரண்டும் மா. எண்ணிக்கை ஒன்று, வரிசை வேறு. உண்மை நடப்பு என்பதால் அம்மா திட்டியதை விட மனசே வரவில்லை. ஆனாலும் விட்டேன். ‘சட்டையும் நனைய’ என்று மாற்றியதும் முதல் பாதி விளம், மா என்று வந்து உட்கார்ந்தது.

சரிபார்க்க ஒரு வழி: நான்கு வரியையும் ஒரே மெட்டில் பாடிப் பாருங்கள். எங்காவது ஒரு சொல்லை அவசரமாக விழுங்கவோ, இழுத்து நீட்டவோ வேண்டியிருந்தால் அங்கே அளவு பிசகியிருக்கிறது. அப்புறம் அந்தச் சொல்லை மட்டும் பிரித்துப் பாருங்கள்.

6. மோனை: மழைக்கு ஒரு சலுகை

மோனை என்பது முதல் எழுத்து ஒத்து வருவது. நான்கு சீர் வரியில் ஒன்றாம் சொல்லுக்கும் மூன்றாம் சொல்லுக்கும் மோனை இருந்தால் வரி தானாக நடுவில் ஒரு மூச்சு விடும். எல்லா வரியிலும் கட்டாயம் என்று நினைத்துக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், வந்தால் நல்லது.

அதே எழுத்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. அ, ஆ, ஐ, ஔ ஒரு குடும்பம். இ, ஈ, எ, ஏ ஒரு குடும்பம். உ, ஊ, ஒ, ஓ ஒரு குடும்பம். மெய்யெழுத்தில் ச-வும் த-வும் உறவு, ந-வும் ஞ-வும் உறவு, ம-வும் வ-வும் உறவு. கடைசி ஜோடியைக் கவனியுங்கள்: மழை, மண், மாரி, மரம் ஒரு பக்கம், வானம், வயல், வட்டம், வாசல் இன்னொரு பக்கம். எல்லாம் ஒன்றுக்கொன்று மோனை. மழையை எழுதுகிறவருக்கு மொழியே கொடுத்த சலுகை இது. ஆனால் உயிரும் அதே குடும்பமாக இருக்க வேண்டும். ‘மழை’க்கு ‘வெள்ளம்’ மோனையாகாது, அங்கே அகரம், இங்கே எகரம்.

என் முதல் வரியில் கொட்டிய, கூரையும் இரண்டும் உ-ஊ-ஒ-ஓ குடும்பம். மூன்றாவது வரியில் ‘வட்டமாய்’க்கு ‘மண்ணிலே’. இரண்டாவது வரியில் ‘சட்டையும்’ என்பதற்கு ‘சைக்கிளும்’ வைத்தேன். அகரமும் ஐகாரமும் ஒரே குடும்பம் என்பதால் மோனை சரி, சைக்-கிளும் என்று அளவும் சரி. அன்றைக்குத் தூங்கவே பிடிக்கவில்லை.

கொடுக்கத் தயாரானபோது கவிதை இப்படி இருந்தது:

கொட்டிய மழையில் கூரையும் பாட,
சட்டையும் நனையச் சைக்கிளும் வழுக்க,
வட்டமாய்த் துளிகள் மண்ணிலே பூக்க,
விட்டதும் பள்ளி வீதியே ஆறு!

நான்காவது வரி முதலில் ‘விட்டது பள்ளி வீட்டுக்குப் போக வழியில்லை’ என்று வளர்ந்து கிடந்தது. வீட்-டுக்-குப் என்று அந்த ஒரு சொல்லே மூன்று தட்டு, வரியில் சொல்லும் ஐந்து. சொல்ல வந்ததைச் சொல்லாமல் தெருவை மட்டும் காட்டினால் போதும் என்று தோன்றிய பிறகுதான் ‘வீதியே ஆறு’ கிடைத்தது.

7. ஒற்றுப்பிழை பார்ப்பது

இருபது கவிதையில் ஐந்தைத் தேர்ந்தெடுக்கிறவர் முதலில் கழிப்பது பிழையுள்ளதைத்தான். மேலே ‘நனையச் சைக்கிளும்’ என்பதில் ஒரு ச், ‘வட்டமாய்த் துளிகள்’ என்பதில் ஒரு த் இருக்கிறது, பார்த்தீர்களா? நனைய, பாட, வழுக்க போன்ற சொல்லுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். ஆய் என்று முடியும் சொல்லுக்குப் பின்னும் மிகும். வரியின் கடைசியில் காற்புள்ளி வைத்து நிறுத்தினால் அடுத்த வரியின் முதல் சொல்லுக்காக ஒற்றுப் போட வேண்டியதில்லை.

பயத்தில் எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். ‘மழையில்க் கூரையும்’ என்று என் நண்பன் திருத்திக் கொடுத்தான், அது தவறு. ஒற்றுச் சேர்ப்பதால் அளவு கெடுமோ என்ற கவலையும் வேண்டாம், புள்ளி எழுத்துக்குத் தட்டு இல்லை என்று முன்பே பார்த்தோமே.

8. ஆசிரியரிடம் காட்டுவது

கடைசி நாளில் காட்டாதீர்கள். கடைசி நாளில் காட்டினால் அவரே திருத்தி உள்ளே வைத்துவிடுவார், நீங்கள் அச்சில்தான் பார்ப்பீர்கள். எனக்கு நல்லவேளையாக இரண்டு நாள் மீதி இருந்தது. எங்கள் தமிழாசிரியை படித்துவிட்டு, “நல்லா இருக்குப்பா. சைக்கிள் வேணாம், மிதிவண்டின்னு போடு” என்றார். பள்ளி மலர் என்றால் பிறமொழிச் சொல்லை அனுமதிக்க மாட்டார்கள், அது பெரும்பாலான இடங்களில் எழுதாத சட்டம்.

போட்டுப் பார்த்தேன்: ‘சட்டையும் நனைய மிதிவண்டி வழுக்க’. மிதி-வண்-டி, மூன்று தட்டு. மோனையும் போச்சு. “அளவு உதைக்குது டீச்சர்” என்றேன். அவர் தட்டிப் பார்த்தார், சிரித்தார். “அப்போ வேற சொல் நீயே கண்டுபிடி. சைக்கிள்ல எது வழுக்குது?” என்றார்.

வழுக்குவது சக்கரம். சக்-கரம், நேர், நிரை. விளச்சீர். சட்டைக்கு மோனையும் அதே ச. ‘சட்டையும் நனையச் சக்கரம் வழுக்க’ என்று மாற்றியதும் பழையதை விடவே நன்றாக இருந்தது. ஆசிரியர் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் அதற்கு அகராதியில் நேர் பொருள் தேடாதீர்கள். அந்தக் காட்சிக்குத் திரும்பிப் போய், அதில் வேறு என்ன பொருள் இருக்கிறது என்று பாருங்கள். அவர் சொன்ன சொல் ஏன் பொருந்தவில்லை என்பதைத் தட்டிக் காட்டினால் எந்தத் தமிழாசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ‘எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது’ என்று மட்டும் சொன்னால்தான் சிக்கல்.

9. படி எடுத்துக் கொடுப்பது: என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவு

ஏ4 தாளில், ஒரு பக்கம் மட்டும், நீல அல்லது கறுப்பு மையில் எழுதுங்கள். கோடு போட்ட நோட்டுத் தாளைக் கிழித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், கிழிந்த ஓரத்தோடு. வேண்டாம்.

தலைப்புக்கு ‘மழை’ என்று வைக்காதீர்கள். நான் வந்த மலரில் ‘மழை’ என்ற தலைப்பிலேயே மூன்று இருந்தன, பொருளடக்கத்தில் எது யாருடையது என்று தெரியவில்லை. நான் ‘நாலரை மணி மழை’ என்று வைத்திருந்தேன்.

கவிதைக்குக் கீழே பெயர், தலைப்பெழுத்து, வகுப்பு, பிரிவு. தலைப்பெழுத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் தட்டச்சு செய்பவர் ஊகித்துப் போடுவார். பல பள்ளிகளில் ‘இது என் சொந்தப் படைப்பு’ என்று ஒரு வரி எழுதி, மாணவரும் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். வகுப்பாசிரியர் கையெழுத்தும் கேட்பார்கள். அவர் விடுப்பில் இருந்தால் உங்கள் கவிதை நிற்கும், ஆகவே அதை முதலில் வாங்கிவிடுங்கள்.

கடவுச்சீட்டு அளவுப் படம் ஒன்று. எங்கள் ஊர் ஸ்டூடியோவில் எட்டுப் படத்துக்கு 80 ரூபாய் வாங்கினார்கள், ஒன்று தனியாகத் தர மாட்டார்கள். பின்னால் பெயரைப் பென்சிலில் எழுதுங்கள். பேனாவில் எழுதி அடுக்கினால் மை அடுத்தவர் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். என் முகத்தில் ஒரு வருடம் யாருடைய பெயரோ இருந்தது. குண்டூசி குத்தாமல் ஒரு சின்ன உறையில் போட்டுக் கொடுங்கள்.

தட்டச்சு செய்து கொடுக்கச் சொன்னால் டிடிபி கடையில் ஒரு பக்கத்துக்கு என்னிடம் 40 ரூபாய் வாங்கினார்கள். கையெழுத்துப் படி போதும் என்றால் இந்தச் செலவு வேண்டாம், எப்படியும் அச்சகத்தில் மறுபடி தட்டச்சு செய்வார்கள். மொத்தத்தில் படம், தாள் என்று நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மலரில் கவிதை வருவதற்கு என்று தனியாக யாராவது பணம் கேட்டால் அது பள்ளி மலராக இருக்காது.

கொடுப்பதற்கு முன் தாளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அது வேண்டும்.

10. மெய்ப்பு பார்க்கக் கேளுங்கள்

மெய்ப்பு என்பது அச்சடிப்பதற்கு முன் பிழை பார்க்க அச்சகத்திலிருந்து வரும் மாதிரித் தாள். எட்டாம் வகுப்பில் என் கவிதை பத்தியாகப் போனது இந்தப் படியைச் செய்யாமல் விட்டதால்தான். மலர்க் குழு ஆசிரியரிடம், “மெய்ப்பு வந்தா என் பக்கத்தை மட்டும் ஒரு தடவை பார்க்கலாமா?” என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் சரி என்பார்கள், அவர்களுக்கும் ஒரு வேலை குறையும். மெய்ப்பு பெரும்பாலும் ஒரே நாள்தான் பள்ளியில் இருக்கும், அதனால் எந்தத் தேதியில் வரும் என்றும் கேட்டு வையுங்கள்.

என்ன பார்க்க வேண்டும்? முதலில் நான்கு வரி நான்கு வரியாக இருக்கிறதா என்று. மலர் பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்தால் நீளமான வரி உடைந்து ஐந்தாறு வரியாகிவிடும். நான்கு சீர் வரி பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும், ஆறு சீர், எட்டுச் சீர் விருத்தம் எழுதியவர்கள்தான் மாட்டுவார்கள். கையெழுத்துப் படியிலேயே வரிகளுக்கு ஓரத்தில் பென்சிலால் 1, 2, 3, 4 என்று போட்டுக் கொடுத்தால் தட்டச்சு செய்பவருக்குப் புரியும்.

அடுத்தது எழுத்துரு. போனில் தட்டிய யூனிகோடு எழுத்தை அச்சகத்தின் பழைய பாமினி, வானவில் எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். ‘கொட்டிய’ என்பது ‘கெ ாட்டிய’ என்று பிரிந்து நிற்கும். பாமினியில் தட்டிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் `jkpo;` என்று தெரியும். அது பிழையல்ல, எழுத்துரு இல்லை என்பதுதான். பதறிப்போய் மறுபடி தட்டச்சு செய்யக் கொடுத்து இன்னொரு 40 ரூபாயை விடாதீர்கள்.

கடைசியாக, போனில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மனப்பாடமாகத் தெரிந்த கவிதை என்பதால் கண் பிழையைத் தாண்டிப் போகும். நான்காவது வரியிலிருந்து பின்னோக்கிப் படித்தால் அகப்படும். என் மெய்ப்பில் ‘வழுக்க’ என்பது ‘வளுக்க’ என்று இருந்தது. சிவப்பு மையால் சுழித்து ஓரத்தில் சரியான சொல்லை எழுதிக் கொடுத்தேன். பிப்ரவரியில் மலர் வந்தபோது முதலில் அந்தச் சொல்லைத்தான் தேடினேன், ழ சரியாக இருந்தது. பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்துதான் வேறொருவருடையது. அதை நான் மெய்ப்பில் பார்க்கவில்லை.